கமிஷன் மட்டுமே வருமானமா? வீட்டுச் செலவுக்கு ஒரு சராசரி, பேங்க் லோனுக்கு வேற சராசரி: முழு வழிகாட்டி

மாசச் சம்பளம் இல்லாம கமிஷன்லயே ஓடுற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, வீட்டு புரோக்கர், மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட்னு. இங்க நான் எடுத்துக்கிட்டது லைஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஏன்னா அவங்களுக்கு வர்ற காசு ரெண்டு வகை, புது பாலிசிக்கு வர்ற முதல் வருஷ கமிஷன் ஒண்ணு, பழைய பாலிசிக்கு பார்ட்டி பிரீமியம் கட்டக் கட்ட வர்ற ரினியூவல் கமிஷன் ஒண்ணு, இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "மாசம் சராசரியா இவ்வளவு வருது"ன்னு சொல்றதுலதான் பாதி பேர் கணக்கு தப்பாகுது.

கீழ வர்ற உதாரணம் நான் கணக்குக்காகப் போட்டது. தமிழ்நாட்டுல ஒரு சின்ன டவுன்ல ஏழெட்டு வருஷமா ஏஜென்சி வச்சிருக்கற ஒருத்தர்னு நெனச்சுக்கோங்க. உங்க நம்பர் வேறயா இருக்கும், போடுற முறை இதேதான்.

முதல் வேலை: 12 மாசத்தையும் எழுதுங்க, ஞாபகத்துல இருந்து இல்ல

பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கம்பெனில இருந்து வந்த கமிஷன் கிரெடிட்டை மட்டும் மாசவாரியா எழுதுங்க. எந்த மாசம் பாலிசி போட்டீங்கங்கறது வேணாம், எந்த மாசம் காசு அக்கவுண்ட்டுக்கு வந்துச்சுங்கறதுதான் வேணும். மார்ச் கடைசில ஓடி ஓடிப் போட்ட பாலிசிக்கு காசு ஏப்ரல்லதான் வரும், அது ஏப்ரல் கணக்கு.

இன்னொண்ணு, பார்ட்டி உங்களுக்கு ஜிபே பண்ணி "அண்ணே பிரீமியத்தைக் கட்டி விட்டுடுங்க"ன்னு சொன்ன காசெல்லாம் இதுல வரவே கூடாது. அது உங்க காசு இல்ல. இதைப் பத்தி லோன் பகுதியில மறுபடி பேசணும்.

நம்ம ஆளோட வருஷம் இப்படி, எல்லாம் ஆயிரத்துல:

| மாசம் | வந்தது | தொழில் செலவு 6 போக |
|---|---|---|
| ஏப்ரல் | 62 | 56 |
| மே | 21 | 15 |
| ஜூன் | 24 | 18 |
| ஜூலை | 31 | 25 |
| ஆகஸ்ட் | 19 | 13 |
| செப்டம்பர் | 38 | 32 |
| அக்டோபர் | 27 | 21 |
| நவம்பர் | 16 | 10 |
| டிசம்பர் | 33 | 27 |
| ஜனவரி | 41 | 35 |
| பிப்ரவரி | 46 | 40 |
| மார்ச் | 74 | 68 |

மொத்தம் 4,32,000. பன்னெண்டால வகுத்தா மாசம் 36,000.

இந்த ஏத்த இறக்கம் சும்மா வர்றதில்ல. மே, ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்டுற நேரம், யாரும் புதுசா பாலிசி போட மாட்டாங்க. ஆடி மாசம் நல்ல காரியம் ஆரம்பிக்க வேணாம்னு தள்ளிப் போடுவாங்க, அதோட அடி ஆகஸ்ட்ல தெரியுது, ஆவணி பொறந்ததும் செப்டம்பர்ல கொஞ்சம் ஏறுது. தீபாவளிக்கு துணி, பட்டாசுன்னு கையில இருந்ததெல்லாம் போயிருக்கும், அதனால நவம்பர் காய்ஞ்சு கெடக்கு. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் டேக்ஸ் சேவிங் ஓட்டம். ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட இதே வரிசையிலதான் வரும்கறதுனால, சராசரி போட்டா முழு 12 மாசத்துக்குப் போடணும், கடைசி மூணு மாசம் பார்த்துப் போடக் கூடாது. ஜனவரி-மார்ச் மட்டும் எடுத்தா சராசரி கிட்டத்தட்ட 54,000, செப்டம்பர்-நவம்பர் மட்டும் எடுத்தா 27,000. ஒரே ஆளு, ஒரே வருஷம்! ஏப்ரல்ல உக்காந்து கணக்குப் போடுறவன் பைக்கை மாத்திடுவான், டிசம்பர்ல போடுறவன் ஏஜென்சியையே விட்டுடலாம்னு நெனப்பான்.

அதனால ஓடுற சராசரியா வச்சுக்கோங்க: ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் புது மாசத்தைச் சேர்த்துட்டு, போன வருஷத்து அதே மாசத்தைத் தூக்கிடுங்க, எப்பவும் 12 மாசம்தான் கணக்குல இருக்கும். அந்த நம்பர் ஏறுதா இறங்குதான்னு பார்த்தாதான் தொழில் நெசமா வளருதான்னு தெரியும்.

ஏஜென்சி எடுத்து ஒரு வருஷம்கூட ஆகலைன்னா சராசரியே போடாதீங்க. முதல் ஆறு மாசம் மாமா, சித்தப்பா, கூடப் படிச்சவன்னு சொந்த வட்டத்துல போட்ட பாலிசி அது, அந்த வேகம் அப்படியே தொடராது.

செலவைக் கழிக்காம வருமானம்னு சொல்லாதீங்க

பெட்ரோல், போன், டைரி காலண்டர் அடிக்கிறது, மெடிக்கல் டெஸ்ட்டுக்கு பார்ட்டியைக் கூட்டிட்டுப் போறது, டீக்கடை, இதெல்லாம் சேர்ந்து நம்ம ஆளுக்கு மாசம் 6,000. கழிச்சா வருஷத்துக்கு 3,60,000, மாசம் 30,000. வீட்டுக்கு இருக்கறது இதுதான், 36 இல்ல.

இங்கயே ஒரு விஷயம். பாலிசி லாப்ஸ் ஆகிடக் கூடாதுன்னு பார்ட்டிக்குப் பதிலா கைக்காசு போட்டு பிரீமியம் கட்டுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. திரும்பி வரும்னு நெனச்சு அதைச் செலவுல எழுத மாட்டாங்க. வராததை எழுதுங்க, ஒரு வருஷம் எழுதிப் பார்த்தா எந்தப் பார்ட்டிக்கு இனிமே கட்டக் கூடாதுன்னு தன்னால தெரிஞ்சுடும். முதல் பிரீமியத்துல கமிஷனை விட்டுக்கொடுத்து பாலிசி பிடிக்கிறது வேற கதை, அது 1938 இன்சூரன்ஸ் சட்டம் 41வது பிரிவுப்படி தடை பண்ணது, அதைத் தொழில் செலவுன்னு எங்கயும் காட்டவும் முடியாது.

அப்புறம், வருஷத்துலயே பெரிய ஒத்தைப் பாலிசியைத் தூக்கிட்டு ஒரு தடவை சராசரி போட்டுப் பாருங்க. நம்ம ஆளுக்கு மார்ச்ல வந்த 74ல 22 ஒரே மில் ஓனர் போட்ட பாலிசில வந்தது. அது இல்லைன்னா செலவு போக மாச சராசரி 30ல இருந்து 28க்கு வந்துடுது. அந்த மனுஷன் அடுத்த வருஷமும் புதுசா ஒண்ணு போடுவார்னு என்ன நிச்சயம்?

வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்: சராசரி இல்ல, பள்ளத்தோட ஆழம்

மாச சராசரி 30ன்னா மாசம் 30 செலவு பண்ணலாம்னு தோணும். வருஷக் கடைசில கணக்கு சரியாத்தான் வரும், ஆனா நடுவுல என்ன ஆகும்னு ஓட்டிப் பாருங்க. ஏப்ரல்ல 56 வருது, 30 எடுத்தா 26 மிச்சம். மே மாசம் 15தான் வருது, மிச்சம் 11 ஆகுது. ஜூன்ல கைல இருக்கறது தீர்ந்து ஆயிரம் கடன். ஆகஸ்ட்ல 23 கடன், நவம்பர்ல 50, டிசம்பர்ல 53. அதுக்கப்புறம்தான் ஏற ஆரம்பிச்சு மார்ச்ல சரியா பூஜ்யத்துல வந்து நிக்குது. அதாவது சராசரியை அப்படியே செலவு பண்ற ஆளு, வருஷத்துல 9 மாசம் கைமாத்து இல்லாட்டி நகை அடகுல இருப்பார், அந்த வட்டி இந்தக் கணக்குலயே இல்ல.

இப்ப மாசம் 25 மட்டும் எடுத்தா? ஏப்ரல்ல 31 மிச்சம், அது கரைஞ்சு கரைஞ்சு ஆகஸ்ட்ல 2 ஆகுது, நவம்பர்லதான் முதல் தடவையா கீழ போகுது, அதுவும் 10தான். ஜனவரில மேல வந்துடுது, மார்ச்ல 60 கைல நிக்குது. அஞ்சாயிரம் குறைச்சதுக்கு 53 ஆழப் பள்ளம் 10 ஆயிடுச்சு!

அதனால "மூணு மாசச் செலவை எமர்ஜென்சிக்கு வை"ன்னு பொதுவா சொல்ற அளவு நமக்கு ஒத்து வராது. சம்பளக்காரனுக்கு வேலை போனாத்தான் பள்ளம், நமக்கு வருஷா வருஷம் பள்ளம் உண்டு, அதோட ஆழத்தை நாமளே அளந்துடலாம். உச்சத்துல இருந்து அடிமட்டம் வரைக்கும் எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கணும், 25 எடுத்தா 31ல இருந்து மைனஸ் 10 வரைக்கும், மொத்தம் 41. ஏப்ரல் காசு வேற எதுக்கோ போயிடுச்சு, மே மாசம் வெறுங்கையோட ஆரம்பிக்கறீங்கன்னா இந்த 41 ஆயிரம்தான் உங்களுக்கு வேணும். 30 எடுக்கறவருக்கு அதே கணக்குல 79 ஆயிரம்.

கூகுள் ஷீட்ல போடுறது ஈஸி. `A`ல மாசம், `B`ல வந்தது, `C`ல செலவு, முதல் வரி தலைப்பு, `H1`ல நீங்க எடுக்க நெனைக்கற மாசத் தொகை. இதை ரெண்டாவது வரில `D`, `E`, `F`ல போட்டு கீழ 13 வரைக்கும் இழுங்க:

```
D2: =B2-C2
E2: =SUM(D$2:D2)-$H$1*ROWS(D$2:D2)
F2: =MAX(0,E$2:E2)-E2
H2: =MAX(F2:F13)
```

`E`ல மாசா மாசம் கைல என்ன நிக்கும்னு வரும், `H2`ல பள்ளத்தோட முழு ஆழம் வரும். `H1`ஐ 28, 27, 26ன்னு மாத்திப் பாருங்க, `H2` உங்ககிட்ட நெசமா இருக்கற கைக்காசுக்குள்ள வர்ற இடத்துல நிறுத்துங்க. அதான் உங்க சம்பளம். ரெண்டு மூணு வருஷ டேட்டா இருந்தா எல்லாத்தையும் ஒரே வரிசையாப் போடுங்க (`F13`க்குப் பதிலா கடைசி வரி நம்பர்), ஒரு மோசமான வருஷம் உள்ள இருந்தா இன்னும் நல்லது.

அக்கவுண்ட் ரெண்டு வச்சுக்கோங்க. கமிஷன் முழுசா முதல் அக்கவுண்ட்ல வரட்டும், தொழில் செலவும் அதுலயே போகட்டும். மாசம் 1ம் தேதி 25,000 ரெண்டாவது அக்கவுண்ட்டுக்கு தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துடுங்க, வீட்டுக்காரம்மா கைல இருக்கற கார்டு அந்த அக்கவுண்ட்டோடதா இருக்கட்டும். ஏப்ரல்ல 62 வந்தாலும் வீட்டுக்கு 25, நவம்பர்ல 16 வந்தாலும் வீட்டுக்கு 25. இந்தச் சம்பளத்தை வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் காசு வந்து முடிஞ்சப்புறம் மட்டும் மாத்துங்க, மார்ச் மாசச் சூட்டுல மாத்தாதீங்க.

ரினியூவலைத் தனியாப் பிரிங்க

கம்பெனி குடுக்கற கமிஷன் பில்லுல முதல் வருஷ கமிஷன் தனியா, ரினியூவல் தனியா இருக்கும். நம்ம ஆளுக்கு 4,32,000ல ரினியூவல் 1,92,000, அதாவது மாசம் 16,000. நீங்க ரெண்டு மாசம் படுத்துட்டாலும் பெருசா அடி வாங்காத காசு இதுதான், முதல் வருஷ கமிஷன் நீங்க வண்டியை எடுத்தாத்தான் வரும்.

ஆனா இதுவும் கல்லு மாதிரி நிக்கற காசு இல்ல, பார்ட்டி பிரீமியம் கட்டுனாத்தான் வரும். மார்ச்ல அவசரத்துல தலையில கட்டுன பாலிசி ரெண்டாவது வருஷமே லாப்ஸ் ஆகும். வருஷத் தவணையில போட்டது எல்லாம் மார்ச்லயே குவியும், அதனால மாசம் 16ன்னு சொல்றதும் சராசரிதான். போன வருஷம் ரினியூவல் வந்த பாலிசியில எத்தனை இந்த வருஷமும் வந்துச்சுன்னு எண்ணுங்க. பத்துக்கு ஒண்ணுக்கு மேல விழுதுன்னா அடுத்த வருஷக் கணக்குல ரினியூவலை அந்த அளவுக்குக் குறைச்சே எழுதுங்க.

16ல தொழில் செலவு 6 போச்சுன்னா 10. இந்த 10ங்கற நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, இஎம்ஐ எவ்வளவு வரைக்கும் போகலாம்கறது இதை வச்சுத்தான்.

லோனுக்கு பேங்க் போடுற சராசரி வேற

மேல போட்ட ஷீட்டைக் கொண்டு போய்க் காட்டி "சராசரியா இவ்வளவு வருது சார்"னு சொன்னா பேங்க்ல எடுத்துக்க மாட்டாங்க. அவங்க பார்க்கறது ஐடி ரிட்டர்ன்ல இருக்கற லாபம். பெரும்பாலும் கடைசி ரெண்டு வருஷ ரிட்டர்ன், சில இடத்துல மூணு, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுப்பாங்க. கடைசி வருஷம் முந்தின வருஷத்தைவிட கம்மின்னா சராசரி போட மாட்டாங்க, கம்மியானதையே எடுத்துப்பாங்க. திடீர்னு டபுள் ஆயிருந்தாலும் முழுசா ஒத்துக்க மாட்டாங்க.

நம்ம ஆளுக்கு அக்கவுண்ட்டுக்கு வந்தது 4,32,000, ஆனா அது டிடிஎஸ் பிடிச்சது போக. இன்சூரன்ஸ் கமிஷனுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து 2 சதவீதம் பிடிக்கறாங்க, அதுக்கு முன்ன 5. அப்ப பிடிக்கறதுக்கு முன்னாடி தொகை சுமார் 4,40,800. உங்க பேர்ல பிடிச்ச டிடிஎஸ்ஸை ஐடி டிபார்ட்மென்ட் காட்டுற 26ஏஎஸ்-ல வர்ற தொகை இதுதான், ரிட்டர்ன்லயும் இதைத்தான் காட்டணும். செலவு 72,000 கழிச்சா லாபம் 3,68,800. முந்தின வருஷ ரிட்டர்ன்ல லாபம் 2,95,200ன்னு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் சராசரி 3,32,000, மாசத்துக்கு 27,667.

இதுல பாதி வரைக்கும் எல்லா இஎம்ஐயும் சேர்த்துப் போகலாம்னு பேங்க் வச்சுக்குதுன்னா (சதவீதம் பேங்க்குக்கு பேங்க் மாறும், வருமானம் கம்மின்னா சதவீதமும் கம்மியாகும்) 13,833. ஏற்கனவே வண்டி லோன் மாசம் 3,000 போகுது, மிச்சம் 10,833. 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு இஎம்ஐ 900 ரூபா. அப்ப வீட்டு லோன் 12 லட்சம் கிட்ட வரும். அந்த வண்டி லோனை முடிச்சுட்டுப் போனா இன்னும் மூணேகால் லட்சத்துக்கு மேல கூடும், இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல.

இப்ப முக்கியமான இடம். டிடிஎஸ் ரீஃபண்ட் முழுசா வரணும்னு செலவை ஏத்திக் காட்டி, லாபம் ரெண்டு லட்சம்னு ரிட்டர்ன் போடுறது நம்ம ஏஜென்ட்டுங்க மத்தியில ரொம்ப சகஜம். அப்படி ரெண்டு வருஷம் போட்டவருக்கு அதே கணக்கு என்ன சொல்லுது? மாசம் 16,667, பாதி 8,333, வண்டி போக 5,333, லோன் ஆறு லட்சத்துக்கும் கீழ. பாதி லோன் போச்சு. இதுல வேடிக்கை என்னன்னா புது வரி முறையில 2025-26ல இருந்து 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ல வரியே இல்ல, 3,68,800 லாபம் காட்டினாலும் அந்த 8,800 முழுசா திரும்பி வரும். செலவை ஊதிக் காட்டுறதுனால ஒரு பைசா லாபம் இல்லாம லோனை மட்டும் கெடுத்துக்கறாங்க, பழைய பழக்கம்தான் காரணம். உண்மையான செலவை மட்டும் எழுதுங்க.

எந்த ஃபார்ம்ங்கறதையும் பாருங்க. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி பிரிவுல வரவுல இத்தனை சதவீதம் லாபம்னு குத்துமதிப்பாப் போட்டு ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3 தான். தெரியாம 4 போட்டுக் குடுக்கற சென்டருங்க இருக்கு, அனுபவம் உள்ள கிரெடிட் ஆபீசர் அதைப் பார்த்ததும் கேள்வி கேப்பார். லோனுக்காக ரெண்டு வருஷ ரிட்டர்னை ஒரே மாசத்துல சேர்த்துப் போட்டாலும் ஃபைல் பண்ண தேதி அதுலயே இருக்கும், சந்தேகம் அங்கயே வந்துடும். வீடு வாங்கற எண்ணம் இருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே கெடு தேதிக்குள்ள போட ஆரம்பிங்க.

ஸ்டேட்மென்ட்டைச் சுத்தம் பண்றது

ரிட்டர்னுக்கு அடுத்து 6 மாசமோ 12 மாசமோ ஸ்டேட்மென்ட் கேப்பாங்க. பார்ட்டி பிரீமியம் உங்க அக்கவுண்ட் வழியா வந்து போற பிரச்சனை இங்கதான் வெடிக்கும். மாசம் ஒரு லட்சம் உள்ள வந்து ஒரு லட்சம் வெளிய போகுது, 26ஏஎஸ்-ல காட்டுறது அதுல பாதிகூட இல்ல, அப்ப மிச்சம் என்னன்னு கேப்பாங்க. பார்ட்டியே ஆப்ல நேரடியா கட்டட்டும், இல்லைன்னா ஆட்டோ டெபிட் போட்டு விட்டுடுங்க. லோன் கேக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இதை நிறுத்துனாத்தான் ஸ்டேட்மென்ட் சுத்தமாகும்.

கமிஷன் வந்த அன்னைக்கே ஏடிஎம்ல மொத்தமா எடுக்கற பழக்கமும் வேணாம், பேங்க் சராசரி பேலன்ஸையும் பார்க்கும். மேல சொன்ன 41 ஆயிரம் கைக்காசு அந்த முதல் அக்கவுண்ட்லயே நின்னா அதுவே பார்வைக்கு நல்லா இருக்கும். ஏற்கனவே இருக்கற இஎம்ஐ ஒண்ணு பவுன்ஸ் ஆனாலும் ஸ்டேட்மென்ட்லயும் தெரியும் சிபில்லயும் தெரியும், "கமிஷன் லேட்டா வந்துச்சு சார்"ங்கற பதில் எடுபடாது.

எப்ப அப்ளை பண்றது? நல்ல வருஷம் முடிஞ்சு அந்த ரிட்டர்ன் போட்டு முடிச்ச உடனே. பிப்ரவரில போனா போன வருஷ ரிட்டர்ன்தான் கைல இருக்கும், இந்த வருஷம் நல்லாப் போனது கணக்குலயே வராது. ரிட்டர்ன் போட்டுட்டு ஆகஸ்ட் வாக்குல போனா, 6 மாச ஸ்டேட்மென்ட்ல மார்ச், ஏப்ரல் ரெண்டும் உள்ள இருக்கும்.

கொண்டு போக வேண்டியது: ஏஜென்சி அப்பாயின்ட்மென்ட் லெட்டர் (எத்தனை வருஷமா தொழில் பண்றீங்கங்கறதுக்கு இதான் அத்தாட்சி), ரிட்டர்னும் அதோட கம்ப்யூட்டேஷனும், ஃபார்ம் 16ஏ, 26ஏஎஸ், கம்பெனி குடுத்த வருஷ கமிஷன் ஸ்டேட்மென்ட். இந்தக் கடைசிக் காகிதத்துல ரினியூவல் தனியாத் தெரியும், கேக்கலைன்னாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்க. "புது பிசினஸ் வரலைன்னா எப்படிக் கட்டுவீங்க?"ன்னு ஆபீசர் கண்டிப்பா கேப்பார், அதுக்குப் பதில் அதுல இருக்கு. மனைவிக்கு மாசச் சம்பள வேலை இருந்தா கோ-அப்ளிகன்ட்டா சேர்த்துடுங்க, அவங்க வருமானத்தையும் கூட்டுவாங்க.

பேங்க் குடுக்கறதும் நீங்க வாங்கறதும்

பேங்க் 12 லட்சம் வரைக்கும் குடுக்கும், இஎம்ஐ 10,800. ஆனா ரினியூவல்ல செலவு போக நமக்கு நின்னது 10,000. வண்டி லோன் இன்னும் ஓடிட்டு இருந்தா அந்த 3,000மும் இதுக்குள்ளயேதான் வரணும், அதனால முதல்ல அதை முடிச்சுட்டு 10 லட்சம் வாங்கினா இஎம்ஐ 9,000, புது பாலிசி ஒண்ணுகூட வராத மாசத்துலயும் கட்டிடலாம். 12 லட்சம் வாங்கறவர் ஒவ்வொரு மாசமும் புதுசா கொஞ்சமாவது பிசினஸ் போட்டாகணும், அதுவும் 20 வருஷத்துக்கு. வட்டி மாறுற லோன்ங்கறதுனால அது ஏறுச்சுன்னா பேங்க் தவணைக் காலத்தை நீட்டலாம் இல்ல இஎம்ஐயை ஏத்தலாம், அந்த ஆயிரம் ரூபா இடைவெளி அதுக்கும் உதவும்.

இஎம்ஐ போறது சம்பள அக்கவுண்ட்ல இருந்து, அதாவது அந்த 25க்குள்ள இருந்து, தேதி 5ன்னு கேட்டு வாங்குங்க, 1ம் தேதி மாறுற காசு அங்க வந்து நின்னிருக்கும். முதல் வருஷம் மார்ச்ல மிஞ்சுன 60ல 41 பள்ளத்துக்கு ஒதுக்குனது போக 19 இருக்கு, இதை ரெண்டு இஎம்ஐக்கு ஈடா அப்படியே எஃப்டில போட்டுடுங்க. மில் ஓனர் பாலிசி மாதிரி ஏதாவது பெருசா வந்தா அதுல இருந்து இன்னும் ரெண்டு இஎம்ஐ சேர்த்துக்கோங்க, அப்புறம் மிஞ்சுறதைக் கொண்டு போய் அசல்ல கட்டலாம், மாறும் வட்டியில இருக்கற தனிநபர் வீட்டு லோனுக்கு முன்கூட்டி கட்டுறதுக்கு அபராதம் கிடையாது.